டிசைன் கேக்குக்கு முற்பணமும் குறைந்தபட்சத் தொகையும்: பழைய வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

"வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறேன். எடுப்பவர்கள் அநேகமாகப் பழைய ஆட்கள். இனி டிசைன் கேக்குக்குக் குறைந்தபட்ச ஓடர் தொகையும் 50 வீத முற்பணமும் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஒருவரும் முகம் சுளிக்காதபடி கடிதம் எப்படி எழுதுவது? 50 வீதம் சரியா?"

கடிதத்தின் சொற்களால் முகம் சுளிப்பவர்கள் குறைவு. தொகை எந்தக் கணக்கில் வந்தது என்று உங்களுக்கே தெளிவில்லாவிட்டால், "எனக்கு மட்டும் ஆறாயிரத்துக்குச் செய்து தாங்கோ" என்று முதல் ஆள் கேட்டதுமே இறங்கிவிடுவீர்கள். அது அடுத்த ஆளின் காதுக்குப் போகும்போதுதான் கசப்பு தொடங்கும். ஆகவே முதலில் ஒரு கொப்பியும் பேனாவும் எடுங்கள், கடிதத்துக்குப் பிறகு வருவோம்.

டிசைன் கேக் ஒன்றில் நிறை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாத செலவு ஒன்று உண்டு. வட்ஸ்அப்பில் படம் பார்த்துப் பேசி முடிவு செய்ய முக்கால் மணித்தியாலம், சாமான் வாங்கப் போய்வர ஒன்று, அடித்துச் சுட்டுப் பாத்திரம் கழுவ இரண்டு, ஐசிங் வேலைக்கு இரண்டே முக்கால், பெட்டியில் வைத்துக் கையளிக்க அரை என்று வைத்தால் மொத்தம் 7 மணித்தியாலம். உங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு 500 ரூபா போட்டால் 3,500. பெட்டி, போட், கலர், பெயர் போட்ட டொப்பர் எல்லாம் 1,300. காஸும் கரண்டும் 300. ஆக 5,100 ரூபா. இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். உங்கள் பில்களைப் பார்த்து உங்களுடைய எண்களைப் போடுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

மற்றது நிறையோடு கூடும் செலவு. ஒரு கிலோ பட்டர் கேக்குக்குச் சுமார் 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் மா, 5 முட்டை போகும். ஐசிங்கையும் சேர்த்துக் கிலோவுக்கு 2,000 ரூபா என்று வைப்போம். நீங்கள் கிலோ 5,000 ரூபாவுக்கு விற்றால் கிலோ ஒன்றில் 3,000 மிஞ்சும். அந்த 3,000 தான் மேலே சொன்ன 5,100 ஐ அடைக்க வேண்டும். 5,100 ஐ 3,000 ஆல் பிரித்தால் 1.7 கிலோ. அதன் விலை 8,500 ரூபா. இதுதான் உங்கள் குறைந்தபட்ச ஓடர் தொகை.

இதற்குக் கீழே போனால் என்ன ஆகிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரைக் கிலோ டிசைன் கேக் 2,500 ரூபாவுக்குப் போகிறது. அதில் மா, பட்டருக்கு 1,000, பெட்டி, டொப்பர், காஸுக்கு 1,600. ஏழு மணித்தியாலம் நின்று வேலை செய்து, கைக்காசிலிருந்து 100 ரூபாவும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். ஒரு கிலோவில் 1,400 மிஞ்சுகிறது, அதாவது மணித்தியாலத்துக்கு 200 ரூபா. பெரிய கேக்கில் ஐசிங் வேலை கொஞ்சம் கூடத்தான் செய்யும், ஆகவே 1.7 என்பது கறாரான எண் அல்ல. ஆனால் அரைக் கிலோவும் ஒரு கிலோவும் கட்டுப்படியாகாது என்பதில் சந்தேகமில்லை.

கடிதத்தில் இதை "குறைந்தது இரண்டு கிலோ" என்று எழுதாதீர்கள், ரூபாவில் எழுதுங்கள். கிலோ என்றால் பொண்டன்டோடு சேர்த்தா சேர்க்காமலா என்ற கேள்வி வரும். கப் கேக் 24 எடுத்தவர் கணக்கில் வருவாரா என்ற கேள்வி வரும். நான்கு பேர் மட்டும் உள்ள வீட்டுக்காரருக்கு இரண்டு கிலோ வீண். ரூபாவில் சொன்னால் சின்ன டிசைன் கேக்கோடு கப் கேக்கோ லவ் கேக்கோ சேர்த்து அந்தத் தொகைக்கு வந்துவிடலாம். அப்படிச் சேர்ப்பதில் உங்களுக்கும் நட்டமில்லை, ஏனென்றால் கூடச் சேர்பவற்றுக்குப் புதிதாக டிசைன் பேச்சும் டொப்பரும் இல்லை. டிலிவரிக் காசு இந்தத் தொகையில் சேராது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். 7,800 ரூபா கேக்கையும் 700 ரூபா ஓட்டோக் காசையும் கூட்டிக்காட்ட யாராவது நிச்சயம் வருவார்கள்.

அடுத்து, எது டிசைன் கேக் என்பதற்கு ஒரு எல்லை வேண்டும். சண்டை வருவது அநேகமாக இந்த இடத்தில்தான். ரிப்பன் கேக்கில் "ஹப்பி பேர்த்டே" என்றும் பிள்ளையின் பெயரும் எழுதித் தருவது டிசைனா? இல்லை என்றே வையுங்கள். பொண்டன்ட் உருவம், சீனிப் பூ, அச்சிட்ட படம், பெயர் வெட்டிய டொப்பர், தட்டுத் தட்டாக அடுக்கிய கேக், வாடிக்கையாளர் அனுப்பும் படத்தைப் பார்த்துச் செய்வது, இவைதான் டிசைன். மற்ற எல்லாம் பழைய மாதிரியே, அரைக் கிலோவிலிருந்து, முற்பணம் இல்லாமல். வருடக்கணக்காக உங்களிடம் பட்டர் கேக் எடுக்கும் அன்ரிக்குப் புது விதி ஒன்றுமே இல்லை என்றால், கடிதம் வாசிப்பவர்களில் பலருடைய கவலை அங்கேயே முடிந்துவிடும்.

இனி 50 வீதக் கேள்வி. முற்பணத்தின் வேலை, ஆள் வராமல் போனால் உங்களுக்கு வரும் நட்டத்தை மூடுவது. அந்த நட்டம் நாளுக்கு நாள் மாறும். 10,000 ரூபாவுக்கு இரண்டு கிலோ கேக் என்று எடுங்கள். சுடுவதற்கு முன் நிறுத்தினால் வீணாவது பெயர் போட்ட டொப்பரும் பேசிய நேரமும் மட்டும். பட்டரும் மாவும் அடுத்த கேக்குக்குப் போகும். சுட்ட பிறகு, ஐசிங் போடுமுன் நிறுத்தினால் அந்தக் கேக்கைச் சும்மா பட்டர் கேக்காக விற்கலாம், விலை குறையும், முழுதாகப் போகாது. ஐசிங் ஏறிய பிறகு, "கவிஷ், 5 வயது" என்று எழுதிய டைனோசர் கேக்கை வேறு யார் வாங்குவார்? அப்போது சாமான் 4,000, மாறாச் செலவு 5,100, ஆக 9,100 போய்விடும். ஐசிங் போடும்வரை 50 வீதம் தாராளமாகப் போதும், போட்ட பிறகு போதவே போதாது என்பது இதிலிருந்து தெரியும். ஆகவே வீதத்தைக் கூட்டத் தேவையில்லை. ஓடர் உறுதியாகும்போது பாதி, மிச்சம் கேக் எடுக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, அதாவது ஐசிங் தொடங்குமுன். "மிச்சம் எடுக்கும்போது" என்று வைத்தால் முக்கியமான இரண்டு நாளும் திறந்தே கிடக்கும். சீனிப் பூ வேலை உள்ள கேக்குக்கு மட்டும் மிச்சத்தை ஒரு கிழமை முன்பே கேளுங்கள். கொழும்பு ஈரக்காற்றில் கம் பேஸ்ட் இதழ் இறுகுவதற்கு நாள் எடுக்கும், அந்த வேலை முன்கூட்டியே முடிந்துவிடுகிறது.

காசு கேட்கும் கடிதம் ஒன்றைத் தரவும் வேண்டும். இங்கே நீங்கள் தரக்கூடியது இரண்டு. முற்பணம் வந்த நாளிலிருந்து அந்தத் திகதி அவருக்கே, அன்று சொன்ன விலையும் மாறாது. 2022 இல் பட்டர், மா விலை ஏறிய வேகத்தைப் பார்த்த வாடிக்கையாளருக்கு, விலை மாறாது என்ற வாக்கின் பெறுமதி நன்றாகத் தெரியும். ஆனால் பட்டர் விலை ஏறினால் அந்த நட்டம் உங்களுடையது. ஆகவே மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஓடருக்கு விலையை உறுதி செய்யாதீர்கள்.

நிறுத்தும் விதியை எழுதும்போது "எக்காரணம் கொண்டும் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்ற வரியைப் போடாதீர்கள். உங்கள் ஓவன் பழுதாகிக் கேக் கொடுக்க முடியாமல் போனால் காசைத் திருப்பித்தான் ஆக வேண்டும், அந்த வரி அப்போது உங்களையே பொய்யாக்கும். நம் ஆட்களிடையே இன்னொன்றும் உண்டு. பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருக்க வீட்டில் ஒரு சாவு, துடக்கு வந்துவிட்டது, கொண்டாட்டம் இல்லை. அந்த நேரம் வாடிய குரலோடு போன் எடுப்பவரிடம் விதி பேசினால், அந்தக் குடும்பம் மட்டுமல்ல, செத்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் உங்களை மறக்கமாட்டார்கள். அதற்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி வையுங்கள்: இறப்பு நேர்ந்தால் முற்பணம் ஆறு மாதத்துக்கு வரவில் இருக்கும். காசு உங்கள் கையை விட்டுப் போகவில்லை, அவருக்கும் நட்டமில்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வீட்டிலிருந்து விற்பவரை விட்டுவைப்பதில்லை. வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விதமாக நடக்கக்கூடாது, ஒரு பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்லக்கூடாது என்பவை உங்களுக்கும் பொருந்தும். ஆகவே முற்பணம் விலையின் ஒரு பகுதியா, தனிக் கட்டணமா என்பதில் மயக்கம் வைக்காமல் "மொத்த விலையில் கழிக்கப்படும்" என்று எழுதுங்கள். வாங்கிய ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள், வட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும். நிறுத்தியவரின் முற்பணத்தை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பது வாக்குவாதத்துக்கு உரிய இடம். உண்மையில் வந்த நட்டத்துக்குக் கிட்ட நிற்கும் தொகைக்குத்தான் நியாயம் சொல்ல முடியும். கலியாணக் கேக் போல ஒரு இலட்சத்தை எட்டும் ஓடர் என்றால் விதியை ஒருமுறை சட்டத்தரணியிடம் காட்டிவிடுவது நல்லது.

காசு வாங்கும் வழியில் இரண்டு கவனம். வங்கி அப்பில் காசு அனுப்பும்போது கணக்குப் பெயரைப் போட வேண்டிவரும். கணக்கு உங்கள் கணவர் பெயரில் இருந்தால் அதைக் கடிதத்திலேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயர் வேறாக இருக்கிறதே என்று பாதிப்பேர் தயங்கி நிற்பார்கள். மற்றது, ஸ்கிரீன்ஷொட் ரசீது அல்ல. நாளைக்கென்று நேரம் குறித்து வைத்த பரிமாற்றத்துக்கும் படம் வரும், பழைய படத்தில் திகதி மாற்றுவதும் பெரிய வேலை அல்ல. வேறு வங்கியிலிருந்து வந்தாலும், வங்கிகளுக்கிடையே காசு அனுப்பும் செஃப்ட்ஸ் முறையில் அநேகமாக உடனே சேரும், ஸ்லிப்ஸ் முறையில் வந்தால் அடுத்த வேலை நாள் ஆகலாம். உங்கள் கணக்கில் காசு விழுந்ததைப் பார்த்த பிறகே திகதியைக் கொப்பியில் எழுதுங்கள்.

கடிதம் போகும் நேரமும் முக்கியம். நத்தாரும் சித்திரைப் புத்தாண்டும் நெருங்கும் கிழமைகளில் அனுப்பினால், நெருக்கடியில் பிடித்துக் காசு கேட்பதாகப் படும். நடைமுறைக்கு வரும் நாளுக்கு நான்கு கிழமை முன்பு அனுப்புங்கள், ஏற்கெனவே எடுத்த ஓடர்களைத் தொடாதீர்கள். வட்ஸ்அப் நீளமான செய்தியின் முதல் பகுதியைத்தான் காட்டும், மிச்சத்தைத் தட்டித்தான் திறக்க வேண்டும். நன்றியும் வாழ்த்தும் ஆறு வரி போய் விதி கீழே கிடந்தால், "எனக்குத் தெரியாதே" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். மன்னிப்புக் கேட்காதீர்கள், சாமான் விலை பற்றிப் புலம்பாதீர்கள், "சிலர் ஓடர் தந்துவிட்டு வராமல் விடுவதால்" என்று எழுதவே எழுதாதீர்கள். ஒழுங்காக வந்து எடுத்தவர்தான் அதை வாசித்து நோவார். மேலே போட்ட கணக்கை வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும்.

"அன்பான வாடிக்கையாளருக்கு வணக்கம். செப்டெம்பர் 1 முதல் எங்களிடம் உறுதி செய்யப்படும் டிசைன் கேக் ஓடர்களுக்குக் குறைந்தபட்சத் தொகை 8,500 ரூபா. ஓடரை உறுதி செய்ய மொத்த விலையில் பாதியை முற்பணமாகச் செலுத்த வேண்டும். டிசைன் இல்லாத பட்டர், ரிப்பன், சொக்லட் கேக்குகளுக்கு இது பொருந்தாது. அவற்றை வழமைபோல அரைக் கிலோவிலிருந்து, முற்பணம் இல்லாமல் எடுக்கலாம். பெயரும் வாழ்த்தும் எழுதுவது டிசைனில் சேராது.

டிசைன் கேக் ஒவ்வொன்றும் ஒருவருக்காக மட்டுமே செய்யப்படுவதால் இந்த மாற்றத்தைச் செய்கிறோம். பொண்டன்ட் உருவம், சீனிப் பூ, அச்சிட்ட படம், பெயர் வெட்டிய டொப்பர், அடுக்குக் கேக், நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்துச் செய்யும் கேக் ஆகியவை டிசைன் கேக்குகள். கப் கேக், லவ் கேக் சேர்த்தும் 8,500 ரூபாவை நிறைவு செய்யலாம். டிலிவரிக் கட்டணம் இதில் சேராது.

முற்பணம் கிடைத்ததும் உங்கள் திகதி உங்களுக்கே ஒதுக்கப்படும், சொன்ன விலை மூன்று மாதத்துக்கு மாறாது. முற்பணம் மொத்த விலையில் கழிக்கப்படும். மிச்சத் தொகையைக் கேக் எடுக்கும் நாளுக்கு 2 நாள் முன்பு, சீனிப் பூக் கேக் என்றால் 7 நாள் முன்பு, செலுத்த வேண்டும்.

7 நாளுக்கு முன் நிறுத்தினால், உங்களுக்காக ஏற்கெனவே வாங்கிய அல்லது செய்த டொப்பர், படம், பூ போன்றவற்றின் செலவைக் கழித்து முற்பணம் திருப்பித் தரப்படும். 7 நாளுக்கும் 2 நாளுக்கும் இடையில் என்றால் முற்பணத்தில் பாதி. அதற்குப் பிறகு திருப்பித் தர இயலாது. திகதியை ஒருமுறை, 3 நாள் முன்பு சொல்லி, கட்டணமின்றி மாற்றலாம். குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் நீங்கள் செலுத்திய தொகை 6 மாதத்துக்கு வரவில் இருக்கும். எங்களால் கேக்கைத் தர முடியாமல் போனால் முழுத் தொகையும் அன்றே திருப்பித் தரப்படும்.

செப்டெம்பர் 1 க்கு முன் உறுதியான ஓடர்களில் எந்த மாற்றமும் இல்லை. வங்கிக் கணக்கு என் கணவரின் பெயரில் உள்ளது, விபரம் கீழே. கணக்கு இலக்கம் மாறிவிட்டதாக ஏதும் செய்தி வந்தால் அனுப்புமுன் எனக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். நன்றி."

கணக்கு இலக்கத்தை இதன் கீழே தனி வரியில் போடுங்கள். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அனுப்புவதானால் மூன்றிலும் தொகையும் திகதியும் ஒன்றா என்று இன்னொருவரை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் 8,500, மற்றதில் 8,000 என்று போனால் கேட்பவர்கள் குறைந்ததைத்தான் பிடிப்பார்கள். நேரில் வந்து கேக் எடுப்பவர்களுக்கு இதையே ஒரு தாளில் அச்சிட்டுப் பெட்டியோடு கொடுக்கலாம், வட்ஸ்அப் பார்க்காத வயதானவர்களுக்கு அதுதான் போய்ச் சேரும்.

அனுப்பியதும் இரண்டு நாளுக்குள் போன் வரும். "இத்தனை வருசமா எடுக்கிறன், எனக்கும் அட்வான்ஸோ?" என்று கேட்டால், "ஓம் அக்கா, எல்லாருக்கும் ஒண்டுதான். காசு வந்தா உங்கட நாளை வேற ஆருக்கும் குடுக்கமாட்டன்" என்று சொல்லி நிறுத்துங்கள். அதற்குமேல் விளக்கம் நீளும்போதுதான் பேரம் நுழையும். சொந்தக்காரருக்குக் குறைக்க விரும்பினால் விலையில் குறையுங்கள், முற்பணத்தில் விலக்குக் கொடுக்காதீர்கள். விலைக் கழிவு உங்களுக்கும் அவருக்கும் இடையில் இருந்துவிடும். முற்பணம் இல்லாமல் பிடித்து வைத்த திகதி, காசு கட்டத் தயாராக இருந்த இன்னொருவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். விலை சொன்ன செய்தியிலேயே "முற்பணம் வரும்வரை திகதி உறுதியில்லை, 48 மணித்தியாலம் காத்திருப்பேன்" என்று எழுதுங்கள். நேரம் முடிவதற்குள் ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு விட்டுவிடுங்கள். காசு வந்ததும் பதில் இப்படி இருக்கட்டும்: "முற்பணம் 5,000 ரூபா கிடைத்தது. இரண்டு கிலோ டைனோசர் கேக், பச்சை, பெயர் கவிஷ், செப்டெம்பர் 20 பின்னேரம் 4 மணி. மிச்சம் 5,000 ரூபா 18 ஆம் திகதிக்குள்." பெயரின் எழுத்து, நிறம், நேரம் மூன்றும் இதில் இருந்தால் கேக் மேசையில் நிற்கும்போது வரும் வாக்குவாதத்துக்கு இதுவே சாட்சி.

மூன்று மாதம் கழித்துக் கொப்பியைப் பாருங்கள். டிசைன் ஓடர் குறைந்து கையில் மிஞ்சுவது கூடியிருந்தால் தொகை சரி. ஓடரும் குறைந்து மிஞ்சுவதும் குறைந்திருந்தால், விதியைத் தளர்த்துமுன் உங்கள் 7 மணித்தியாலத்தைப் பாருங்கள். டிசைன் பேசும் நேரத்தை ஆறு ஆயத்த டிசைன் படங்களைக் காட்டிக் கால் மணித்தியாலமாக்கி, சாமான் வாங்கும் பயணத்தை இரண்டு ஓடருக்கு ஒன்றாக்கினால் ஒரு மணித்தியாலம் மிச்சம். மாறாச் செலவு 4,600 ஆகும், அதை 3,000 ஆல் பிரித்துக் கிலோ விலையால் பெருக்கினால் 7,700 க்குக் கிட்ட வரும். அப்போது குறைந்தபட்சத் தொகையை 7,700 ஆக இறக்கி, அதற்கும் திகதி போட்டு எல்லாருக்கும் ஒன்றாக அறிவியுங்கள்.